கல்யாணப் படத்துக்கு ரூ.75,000 ஏன்?

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மண்டபம் பேசியாயிற்று. சமையலுக்கும் ஆள் அமர்த்தியாயிற்று. அடுத்தபடியாகப் போட்டோக்காரர் வந்து உட்காருகிறார். அவர் நீட்டும் காகிதத்தைப் பெண்ணின் தகப்பனார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்க்கிறார். ரூ.75,000 என்று போட்டிருக்கிறது.

"என்ன தம்பி இது? சாயங்காலம் வரவேற்பு, காலையில் முகூர்த்தம். ஒரு நாள் வேலைதானே? பிலிம்கூட வாங்க வேண்டியதில்லை. இதற்கா இவ்வளவு?"

"ஐயா, உங்களுக்கு ஒரு நாள். எனக்கு இரண்டு மாதம்."

முகூர்த்த மாதம் நெருங்கினால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. அடுத்த தெருவில் இன்னொருவர் 45,000 ரூபாய்க்குச் செய்வதாகச் சொல்கிறார். சென்னையிலிருந்து வருகிறவர் லட்சத்துக்கு மேல் கேட்கிறார். எது நியாயம், எது அநியாயம் என்று தெரியாமல் பெண் வீட்டார் விழிக்கிறார்கள். கேட்கிறவருக்கே பல சமயம் தம் கணக்கு சரியாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. பக்கத்துக் கடைக்காரர் என்ன கேட்கிறாரோ, அதில் 5,000 ரூபாய் குறைத்துச் சொல்லிவிடுகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. பழைய காலத்தில் படத்துக்கு இத்தனை என்று விலை இருந்தது. பெட்டிக் காமிராவில் போடும் 120 ரோலில் சதுரப் படமாக எடுத்தால் 12 படம் விழும். பின்னால் வந்த 35 மில்லிமீட்டர் ரோலில் 36 படம். எத்தனை ரோல் ஆயிற்று, எத்தனை பிரதி போட்டார்கள் என்று எண்ணிப் பார்த்துப் பணம் கொடுத்தார்கள். கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இன்று காமிராவுக்குள் ரோல் இல்லை. ஆகவே, செலவே இல்லை என்று தோன்றுகிறது. செலவு போய்விடவில்லை, பிலிமிலிருந்து நேரத்துக்கு மாறிவிட்டது.

கும்பகோணம், தஞ்சாவூர் போன்ற ஒரு நடுத்தர ஊரில் நடக்கும் கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த ரூ.75,000 எப்படி வருகிறது என்று பார்ப்போம். கீழே வரும் தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இவை கூடும், குறையும். ஆனால் கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

மண்டபத்தில் 15 மணி. அறையில் 60 மணி

முதலில் நேரம். முதல் நாள் மாலை 4 மணிக்கு மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். அலங்காரம், மாப்பிள்ளை அழைப்பு, வரவேற்பு எல்லாம் முடிய இரவு பத்தரை ஆகும். மறுநாள் காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் நாலரைக்கே பெண் அறையின் வாசலில் நிற்க வேண்டும். தாலி கட்டி, மெட்டி போட்டு, உறவினர் ஒவ்வொரு குடும்பமாக மேடையேறி, சாப்பாட்டுப் பந்தி முடியப் பகல் ஒரு மணி. மாலையில் ஆறரை மணி, காலையில் எட்டரை மணி. மொத்தம் 15 மணி நேரம்.

இதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து பேசிய நேரம் உண்டு. பாட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றி, கார்டுகளைத் துடைத்துவைத்து, பிரயாணம் செய்த நேரம் உண்டு. ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் நேரமும் உண்டு. இதற்கெல்லாம் 5 மணி என்று வைப்போம்.

இனிமேல்தான் யாருக்கும் தெரியாத வேலை. காமிரா இரண்டிலும் சேர்த்து 4,000 படங்கள் இருக்கும். அவற்றை முதலில் கம்ப்யூட்டரில் இறக்கி, இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுக்க வேண்டும், 3 மணி. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக் கண் மூடியது, அசங்கியது, ஒரேமாதிரி இருப்பது எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். ஒரு படத்துக்கு 3 விநாடி என்றாலே 3 மணிக்கு மேல் ஆகிறது. ஒருமுறை பார்த்தால் போதாது, 5 மணி. மிஞ்சிய 800 படங்களுக்கு நிறத்தைத் திருத்த வேண்டும். மண்டபத்து விளக்கில் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் நீலமாகவும் விழுந்த முகத்தை மனித முகமாக ஆக்கும் வேலை இது. படத்துக்கு முக்கால் நிமிஷம் என்றால் 10 மணி.

வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடிக்க 25 மணி. ஆல்பத்தில் 40 தாள்; ஒரு தாளில் படங்களை அடுக்க 20 நிமிஷம் என்றால் 13 மணி. "பெரியப்பா படம் சின்னதாக இருக்கிறது" என்று வீட்டார் சொன்ன திருத்தங்களுக்கு 4 மணி. எல்லாம் கூட்டினால் 60 மணி.

ஆக, மண்டபத்தில் ஒரு மணி நேரம் நின்றால் அறையில் நான்கு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. முழுக் கல்யாணத்துக்கும் 80 மணி. வருஷத்துக்கு 35 கல்யாணம் பிடித்தால் 2,800 மணி. தினம் 8 மணி வீதம் 300 நாள் உழைத்தாலும் கிடைப்பது 2,400 மணிதான். ஒரு ஆளால் ஆகாது. ஆகவே வீடியோவை வெட்டி ஒட்டும் 25 மணி வேலையை அதற்கென்றே இருக்கும் ஒருவரிடம் ரூ.6,000 கொடுத்து ஒப்படைத்துவிடுகிறார். போட்டோக்காரருக்கு மிஞ்சுவது 55 மணி.

மணிக்கு ரூ.300 கூலி என்று வைத்தால், அது ரூ.16,500. இப்படி 35 கல்யாணத்துக்கு வருஷ வருமானம் ரூ.5,77,500. மாதம் 48,000 ரூபாய்ச் சொச்சம். இரண்டு குழந்தைகளைப் படிக்கவைக்கும் ஒரு தொழிலாளிக்கு இது பேராசை என்று சொல்ல முடியாது.

உடன் வருகிறவர்கள்

மேடையில் ஒருவர் நின்று குடும்பம் குடும்பமாக எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் கூட்டத்துக்குள் புகுந்து பெண்ணின் தாயார் கண்ணைத் துடைப்பதையும், மாப்பிள்ளையின் தோழர்கள் சிரிப்பதையும் எடுப்பார். இதைத்தான் கேண்டிட் என்கிறார்கள். இங்கே நமது போட்டோக்காரர் கேண்டிட் எடுக்கிறார். மேடைக்கு ஒரு உதவியாளர், வீடியோவுக்கு ஒருவர், விளக்குப் பிடிக்க ஒரு பையன் வருகிறார்கள்.

மாலை ஒரு வேளை, காலை ஒரு வேளை என்று இவர்களுக்குச் சம்பளம். மேடை உதவியாளருக்கு வேளைக்கு ரூ.4,000, வீடியோக்காரருக்கு ரூ.4,500, விளக்குக்காரருக்கு ரூ.1,000. இரண்டு வேளைக்கும் சேர்த்து ரூ.19,000. வண்டிக்கும் வழிச்செலவுக்கும் ரூ.3,000.

இரண்டாவது காமிரா எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தாலி கட்டுவது சில விநாடி. அந்த நேரத்தில் புரோகிதரின் கை குறுக்கே வரும். அட்சதை பறக்கும். அத்தை ஒருத்தி செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நிற்பாள். ஒரு கோணத்தில் மறைந்தது மற்றொரு கோணத்தில் கிடைக்கும். இரண்டிலும் கிடைக்காவிட்டால் மறுபடி எடுக்க வழி இல்லை. அதனால்தான் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதியும் காமிராவை வைத்துக்கொள்ளுகிறார்கள். ஒரு கார்டு கெட்டாலும் மற்றொன்று இருக்கும். பேசும்போது, "உங்கள் காமிராவில் இரண்டு கார்டு போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

காமிரா தேய்கிறது

தொழிலில் பலர் சறுக்கும் இடம் இது. தையல் மிஷின் தேய்வதுபோலக் காமிராவும் தேய்கிறது. படம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஷட்டர் என்ற சிறு கதவு திறந்து மூடுகிறது. தொழிலுக்கான காமிராக்களில் சிலவற்றுக்கு அது 2 லட்சம் தடவை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் காமிரா ஒன்றுக்கு 2,000 தடவை. 35 கல்யாணத்துக்கு 70,000. அப்படியானால் மூன்று வருஷத்துக்குள் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. அன்றே நின்றுபோகும் என்று இல்லை. ஆனால் அதற்குமேல் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. மாற்றுச் செலவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

காமிரா மூன்றும் ரூ.4,50,000 என்று கொள்வோம். நான்கு வருஷம் கழித்து விற்றால் ரூ.90,000 கிடைக்கும். நடுவில் போன ரூ.3,60,000-ஐ நான்கால் வகுத்தால் வருஷத்துக்கு ரூ.90,000. லென்ஸ், விளக்கு, பாட்டரி, கார்டு, கம்ப்யூட்டர் இவற்றுக்கும் இதேபோல வகுத்தால் இன்னொரு ரூ.80,000 வருகிறது. ஷட்டர் மாற்றுதல், பழுது பார்த்தல், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுக்கு ரூ.40,000. மொத்தம் வருஷத்துக்கு ரூ.2,10,000. இதை 365 நாளால் வகுக்கக் கூடாது. கல்யாணத்தின் எண்ணிக்கையால், அதாவது 35-ஆல் வகுக்க வேண்டும். கல்யாணம் ஒன்றுக்கு ரூ.6,000.

கடை வாடகை, மின்சாரம் முதலியவற்றில் பாதியைப் பாஸ்போர்ட் படம் எடுக்கும் வேலை தாங்கிக்கொள்ளும். மீதி மாதம் ரூ.7,000 கல்யாணத்தின் தலையில். ஒரு கல்யாணத்துக்கு ரூ.2,400 விழும்.

ஆல்பம்

இப்போது வழக்கத்தில் உள்ள பெரிய ஆல்பத்தை விரித்தால் 36 அங்குல அகலம், 12 அங்குல உயரம் இருக்கும். தாள் ஒன்றுக்கு அச்சுக்கும் மேல்பூச்சுக்கும் ரூ.110 என்றால் 40 தாளுக்கு ரூ.4,400. அட்டை, கட்டுமானம், பெட்டி ரூ.2,600. ஆக ஆல்பம் ஒன்று ரூ.7,000. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்றால் ரூ.14,000. படங்களைக் கொடுக்கும் பென்டிரைவ் முதலியவற்றுக்கு ரூ.1,000.

வடிவமைக்கும் வேலை ஒருமுறைதான். ஆகையால் இரண்டாவது ஆல்பத்துக்கு அச்சுச் செலவைத்தான் கேட்க வேண்டும். மறுபடியும் வடிவமைப்புக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அச்சுக்குப் போகுமுன் வீட்டார் ஒருமுறை பக்கம் பக்கமாகப் பார்ப்பது அவசியம். இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். ஒன்று, மணமக்கள் பெயரில் எழுத்துப்பிழை. மற்றொன்று, நடு மடிப்பு. பெண்ணின் முகமோ மாப்பிள்ளையின் முகமோ தாளின் நட்ட நடுவில் வந்தால், மடிக்கும் இடத்தில் மூக்கின் மேல் கோடு விழும். கம்ப்யூட்டரில் பார்க்கும்போது அந்தக் கோடு தெரியாது. அச்சான பிறகு தெரிந்து பயனில்லை.

எல்லாம் கூட்டினால்

உதவியாளர் சம்பளம் ரூ.19,000, வண்டி ரூ.3,000, வீடியோ வேலைக்கு ரூ.6,000, சாமான்களின் தேய்மானம் ரூ.6,000, கடைச் செலவு ரூ.2,400, ஆல்பம் வகையில் ரூ.15,000. இதுவரை ரூ.51,400. போட்டோக்காரரின் சொந்தக் கூலி ரூ.16,500 சேர்ந்தால் ரூ.67,900. அச்சுத் தவறிப்போதல், பாக்கி வராமல் நிற்றல், கல்யாணம் தள்ளிப்போதல் ஆகியவற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ரூ.74,690. இதைத்தான் அந்தக் காகிதத்தில் ரூ.75,000 என்று எழுதியிருந்தார்.

இதோடு வரி ஒன்று இருக்கிறது. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டும். 35 கல்யாணத்துக்கு ரூ.75,000 வீதம் 26 லட்சத்துக்கு மேல் வருகிறது. போட்டோ சேவைக்கு வரி 18 சதவீதம், ரூ.75,000-க்கு ரூ.13,500. "நீங்கள் சொன்ன தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. வரி என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் பதிவு எண் போட்ட ரசீதும் தர வேண்டும்.

ரூ.45,000 எப்படிக் கட்டும்?

இப்போது அடுத்த தெருக்காரரைக் கவனிப்போம். அவரும் இதே வேலைதான் செய்வதாகச் சொல்கிறார். உதவியாளர், வண்டி, வீடியோ வேலை, ஆல்பம் இந்த நான்குக்கும் கையிலிருந்து ரொக்கமாக ரூ.43,000 வெளியே போய்விடும். மிஞ்சுவது ரூ.2,000. அதில் 55 மணி நேர உழைப்பும், காமிராத் தேய்மானமும், கடை வாடகையும் அடங்க வேண்டும்!

ஆனாலும் அவர் சந்தோஷமாகத்தான் இருப்பார். முன்பணம் வருகிறது, கையில் காசு புரளுகிறது. தேய்மானம் என்பது பால்காரரைப்போல மாதம் பிறந்தால் வந்து கதவைத் தட்டுவதில்லை. மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள் மொத்தமாக வந்து நிற்கும். அப்போது வட்டிக்கு வாங்கித்தான் புதுக் காமிரா வாங்குவார். அல்லது, அதற்கு முன்பே எங்காவது குறைத்திருப்பார். ஒரே காமிராவோடு வந்திருப்பார். 800 படத்தைத் திருத்துவதற்குப் பதிலாக எல்லாப் படத்துக்கும் ஒரே நிறத்தைப் பூசித் தள்ளியிருப்பார். ஆல்பம் எட்டு மாதம் வராது. அடுத்த கல்யாணத்தின் முன்பணம் வந்தால்தான் முந்தைய கல்யாணத்தின் ஆல்பம் அச்சுக்குப் போகும் நிலை. ஆல்பம் தாமதமாகிற பல இடங்களில் காரணம் சோம்பல் அல்ல, இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அதற்காகக் கேட்ட தொகையைக் கேட்டபடி கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. பேரம் பேசலாம். ஆனால் விலையைக் குறைக்கச் சொல்வதைவிட வேலையைக் குறைக்கச் சொல்வது புத்திசாலித்தனம். ஒரு ஆல்பம் போதும் என்றால் ரூ.7,000 குறையும். மாலை வரவேற்புக்கு வீடியோ வேண்டாம் என்றால் வீடியோக்காரர் சம்பளம் ரூ.4,500-ம், வெட்டி ஒட்டும் கூலியில் ரூ.2,000-ம் குறையும். மொத்தம் ரூ.13,500. அதன்மேல் வைத்த பத்தில் ஒரு பங்கும் போனால், ரூ.60,000-க்கு யாருக்கும் நஷ்டமில்லாமல் முடித்துவிடலாம். முகூர்த்தத்தில் இரண்டாவது காமிராவை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.

முகூர்த்தம் குறைந்தால்

மேலே 35 கல்யாணம் என்று எடுத்துக்கொண்டோம். இந்த ஓர் எண் மாறினால் எல்லாம் மாறிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. நல்ல முகூர்த்தம் என்றால் ஊரில் உள்ள எல்லா மண்டபங்களிலும் ஒரே நாளில் மேளம் கொட்டும். போட்டோக்காரர் ஒரு மண்டபத்தில்தான் நிற்க முடியும். ஒரு முகூர்த்தம் கைவிட்டுப்போனால் அடுத்த வாரம் ஈடுசெய்ய முடியாது. முன்பணம் கேட்பது இதனால்தான். உங்கள் தேதிக்காக மற்றொருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அவருக்கு வருஷத்தில் 20 கல்யாணந்தான் கிடைக்கிறது என்று வைப்போம். தேய்மானமும் கடைச் செலவும் ரூ.8,400-லிருந்து ரூ.14,700 ஆகிவிடும். அதே குடும்ப வருமானம் வேண்டுமானால் சொந்தக் கூலி ரூ.16,500 என்பது ரூ.28,875 ஆக வேண்டும். படம் அதே படம், ஆல்பம் அதே ஆல்பம். விலை மட்டும் ரூ.95,000-ஐத் தொடும். அதிகம் கேட்கிறவரெல்லாம் அதிகக் கெட்டிக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. சிலர் விஷயத்தில், வேலை குறைவாக வருகிறது என்பதுதான் காரணம்.

காகிதத்தில் என்ன எழுதுவது?

வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவையில் குறை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கே போனால் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குப் போவார் என்று எழுத வேண்டும். அழைப்பிதழில் ஆறரை மணி வரவேற்பு என்று இருக்கும். அலங்காரம் முடிந்து மணமக்கள் மேடைக்கு வர எட்டு மணி ஆகும். அந்த ஒன்றரை மணி நேரமும் மூன்று உதவியாளர்கள் சும்மா நின்றாலும் சம்பளந்தான். பத்தரைக்கு மேல் போனால் மணிக்கு எவ்வளவு என்று முன்பே பேசிவிட்டால் நள்ளிரவில் சச்சரவு வராது.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம். பேசி முடித்தவுடன் ரூ.20,000, கல்யாணத்தன்று ரூ.40,000, ஆல்பம் கைக்கு வந்ததும் ரூ.15,000. கடைசித் தொகை ஆல்பச் செலவுக்குச் சமமாக இருப்பதைக் கவனியுங்கள். அதற்குமேல் நிறுத்தினால் அவர் கைப்பணத்தைப் போட்டு அச்சடிக்க நேரும். எதுவுமே நிறுத்தாவிட்டால் ஆல்பத்துக்காக நீங்கள் நடக்க நேரும்.

ஆல்பத்துக்கான படங்களைப் பொறுக்கிக் கொடுக்க வீட்டாருக்கும் ஒரு கெடு வேண்டும். 40 தாளில் சுமார் 250 படம் வைக்கலாம். 800 படத்தில் 250-ஐப் பொறுக்குவதற்குள் இரு வீட்டுச் சம்பந்திகளுக்கும் மனத்தாங்கல் வந்து, ஆறு மாதம் ஓடிவிடுகிறது. பிறகு தாமதத்துக்குப் போட்டோக்காரரைத் திட்டுகிறார்கள். ஒரு மாதக் கெடு போதும்.

கடைசியாக, அசல் படங்களை அவர் எத்தனை காலம் வைத்திருப்பார் என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். படமும் வீடியோவுமாக ஒரு கல்யாணத்துக்கு 500 ஜிபி வரை இடம் பிடிக்கும். இரண்டு பிரதி வைத்தால், 35 கல்யாணத்துக்கு வருஷத்தில் 35,000 ஜிபி. எந்தக் கடையும் இதை என்றென்றும் சுமக்க முடியாது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அழித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் எல்லாப் படங்களையும் டிஸ்க்கில் வாங்கி, ஒரு பிரதியைப் பெண் வீட்டிலும் மற்றொரு பிரதியை மாப்பிள்ளை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.